வெள்ளைத் திரை

எலியின் உயிர்க்கலங்களில் ஜீனை வெட்டும் கத்தரிக்கு இடம் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.யை மனித ஜீனோமில் தேடிப் பார்த்துவிட்டு, "இது பிழையான இடத்தில வெட்டவே வெட்டாது" என்று சபதம் செய்யாத குறையாகச் சொன்னவன் நான்தான். தேடல் பக்கத்தில் எந்த உயிரி என்று கேட்கும் பெட்டி மனிதனில் நின்றது. நான் மாற்றவில்லை. இரண்டு எழுத்துப் பிசகிப் பொருந்தும் இடங்களையும் காட்டு என்று கேட்டிருந்தேன். ஒன்றுமே வரவில்லை. வெள்ளைத் திரை. அந்தச் சந்தோஷத்தில் காலி வீதிச் சைவக்கடையில் எல்லோருக்கும் உழுந்துவடை வாங்கினேன்.

சரியான ஜீனோமில் தேடியிருந்தால், நாங்கள் வெட்ட நினைத்த ஜீனே ஓர் எழுத்தும் பிசகாமல் முதல் வரியில் வந்து நிற்க வேண்டும். அதுவே வரவில்லை. வடை தின்றவர்களும் கவனிக்கவில்லை, வாங்கியவனும் கவனிக்கவில்லை. ஆய்வுகூடத்தில் மூத்த உதவியாளன் என்று எனக்கு ஒரு கதிரை வேறு தந்திருக்கிறார்கள்.

அந்த ஜீனை முடக்கினால் என்ன நடக்கும் என்பதுதான் யதுஷாவின் எம்.பில். ஆய்வு. அந்த வழிகாட்டியை, எங்கள் பாஷையில் கைட்டை, எடுத்துப்போக வந்தபோது, "ரெண்டாவது கைட் ஒண்டும் போட்டுப் பாப்பமா அண்ணா?" என்று கேட்டாள்.

"இவ்வளவு சுத்தமான கைட்டுக்கு ரெண்டாவது என்னத்துக்கு?" என்றேன்.

கலங்கள் பிரிவதை நிறுத்தின. ஜீன் போனது, வளர்ச்சி நின்றது; அழகான கதை. அவள் அதன்மேல் ஆய்வேட்டை எழுதினாள். ஆவணிக்குள் ஒப்படைத்தால் நோர்வேயில் பிஎச்.டி. இடம் உறுதி. வீட்டில் குளிராடைகூட வாங்கிவிட்டார்கள்.

கடைசிப் பரிசோதனையாக, முடக்கிய ஜீனைத் திரும்பக் கலங்களுக்குள் போட்டாள். அவை எழும்ப வேண்டும். எழும்பவில்லை.

அன்றைக்குத்தான் நான் தேடல் பக்கத்துப் பெட்டியைத் திறந்து எலியைத் தெரிவுசெய்தேன். முதல் வரியில் எங்கள் ஜீன். இரண்டாவது வரியில் அதன் உடன்பிறப்பு ஒன்று, கலம் பிரிவதற்கு வேண்டிய ஜீன். இருபது எழுத்தில் ஒன்றுதான் வித்தியாசம். அதுவும் காஸ்-9 என்கிற அந்தக் கத்தரி முதலில் பிடிக்கும் பக்கத்தில் இல்லை. அந்தப் பக்கம் பிசகினால் கத்தரி பெரும்பாலும் விட்டுவிடும். இது மறுநுனியில் பிசகியிருந்தது. அங்கே கத்தரி கண்டும் காணாததுமாக வெட்டிவிட்டுப் போகும்.

ஆனாலும் வெட்டக்கூடும் என்பது வெட்டியதாகாது. ஒரே கலத்திலிருந்து வந்த ஒவ்வொரு கூட்டத்திலும், அதாவது ஒவ்வொரு குளோனிலும், யதுஷா அந்த இடத்தை நகலெடுத்துப் பெருக்கி, எழுத்து வரிசை பார்க்க அனுப்பினாள். நான் ஆய்வகத் தலைவர் ஸாலிஹ் சேரின் அறைக்குப் போனேன்.

"சேர், தீசிஸில ஏதும் மிஞ்சுமா?"

"பாப்பமே மல்லி. ஸயன்ஸுல இதெல்லாம் இருக்கிறதுதானே. நீங்க டீ குடிச்சா?" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

யதுஷாவிடம் கேட்டேன். "பாப்பம் அண்ணா" என்றாள். தெரிந்த சாமிக்கெல்லாம் கேள்வி அனுப்பினேன். அங்கேயும் அதே பதில்தான் போல.

முடிவுகள் வந்தன. உடன்பிறப்பு ஜீனில், வெட்டு விழக்கூடிய இடம்வரை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சிகரம், தெளிவாக. அதற்குப் பிறகு சிகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடந்தன; வெட்டு விழுந்த அடையாளம். குளோன் குளோனாக அதே குழப்பம்.

ஒரு குளோன் மட்டும் கடைசிவரை தெளிவாக ஓடியது.

"யது! ஒண்டு தப்பியிருக்கு! எங்கட ஜீன் மட்டும்தான் உடைஞ்சிருக்கு!" கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினேன். இன்னொரு வடைக்கே ஆயத்தம்.

அவள் அந்தக் குளோனின் குடுவையை எடுத்து நுண்நோக்கியில் வைத்தாள். "பாருங்கோ."

குனிந்தேன். கலங்கள் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நல்ல சுகதேகிகள். குடுவையில் என் கையெழுத்து: 'சொல்வழி கேளாதது'. மற்றவை நின்றபோது இது மட்டும் வளர்ந்ததால், பகிடிக்கு நான் எழுதி ஒதுக்கச் சொன்ன குளோன்.

கடற்கரைப் பக்கம் ரயில் போனது. படம் நடுங்கி, பிறகு நின்றது. நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவளைப் பார்க்க வேண்டும்.

"சேரும் பாப்பமெண்டுறார், நீரும் பாப்பமெண்டுறீர். ஒளிக்காமச் சொல்லும் யது. ஏதும் மிஞ்சுமா?"

"இல்லை அண்ணா. எங்கட ஜீன் இல்லாமலே இது வளருது. நான் எழுதினதைச் சொல்ல இனி என்னட்ட ஒரு ஆதாரமும் இல்லை. ரெண்டு புதுக் கைட்டோட முதலில இருந்து துவங்கோணும். அதுவரைக்கும் நோர்வேக்காரர் பாத்துக்கொண்டிருக்க மாட்டினம். வரேல்லையெண்டு காலமை எழுதிப்போட்டன்."

நுண்நோக்கியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தேன்.

"என்னில கோவமா?"

"ஓம் அண்ணா," என்றாள். "சரியான கோவம்."