பதினோராவது வலைத்துண்டு

ஜெசிதாவுக்கு அந்தக் கிழமை முழுக்கத் தலையிடி. குருநகரில் பிரகாஸ் அண்ணையின் வலைக்கடையில் விற்பனைக்கு நிற்பதும் அவள்தான், விளம்பரம் எழுதுவதும் அவள்தான். இரண்டாவது வேலைக்குத் தனிச் சம்பளம் கேட்கலாமா என்று யோசிப்பாள். யோசித்ததோடு சரி.

கொழும்புக் கொம்பனி ஒரு சலுகை அனுப்பியிருந்தது. நண்டு வலை பத்துத் துண்டு வாங்கினால் ஒன்று இலவசம், ஆனால் பத்தும் ஒரே பில்லில் இருக்கவேண்டும். அந்தப் பில்லின் பிரதி கொழும்புக்குப் போனால்தான் கொம்பனி அந்த இலவசத் துண்டைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கும்.

முதலில் சுவரொட்டி. இறங்குதுறை வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவன் நின்றா வாசிப்பான்? எண் பெரிதாக, சொல் குறைவாக இருந்தால்தான் கண்ணில் படும். ‘பத்து வாங்கினால் ஒன்று இலவசம்’, கீழே கடைப் பெயர், கடைசித் திகதி. அவ்வளவுதான். பில் விசயத்தைக் கல்லாவில் வைக்கும் அட்டையில் போட்டாள். கல்லாவுக்கு முன்னால் நிற்கிறவருக்கு வாசிக்க நேரம் இருக்கும் என்பது அவளுடைய கணக்கு, அதில் பிழையில்லை.

மிஞ்சியது வாட்ஸ்அப். அப்போது பின்னேரம் ஆறு மணி, கண் எரிந்தது. சுவரொட்டியின் வரிகளை அப்படியே ஒட்டி, ‘அன்புடன் ஜெசிதா’ என்று போட்டுப் கோயில் பங்குப் பெண்களின் குழுவுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் யாரோ வெளியூர்க்காரி என்றால் மன்னிக்கலாம். குருநகரில் பிறந்தவளுக்கு, சின்னப் படகுக்காரர் பத்துத் துண்டை ஒரே நாளில் வாங்குவதில்லை என்பது தெரியாதா? பல படகு வைத்திருக்கும் சம்மாட்டிமார் வாங்குவார்கள். மற்றவர்கள் நண்டு பட்ட நாளில் இரண்டு, படாத நாளில் ஒன்றுமில்லை என்றுதான் சேர்ப்பார்கள். கடையில் நின்றதும் அவள்தான். ஆனால் அந்த நாட்களில் பில் எழுதிக் கொடுத்தாளே தவிர, யார் எதற்காக வாங்குகிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

சலுகை தொடங்கி மூன்றாம் கிழமை, அந்தக் குழுவில் இருக்கும் லூர்த்தம்மா வந்தார். மகன் றஞ்சித் நண்டுக்குப் போகிறவன். பாறையில் மாட்டிப் பாதி வலை கிழிந்துவிட்டதால், புது வலைக்குக் குறைந்த அந்த ஒரு இலவசத் துண்டுக்காகக் கடலுக்குப் போகாமல் இருந்தான். லூர்த்தம்மா நான்கு பில்லை எடுத்து வைத்தார். கூட்டிப் பார்த்தால் சரியாகப் பத்து.

பிரகாஸ் அண்ணை கெட்ட மனிதர் அல்ல. பில்லைப் பார்த்தார், அட்டையைக் காட்டினார், கொம்பனி தனக்குத் தராது என்று பொறுமையாகவே சொன்னார். லூர்த்தம்மா அட்டையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஜெசிதாவைப் பார்த்தார்.

“உதை ஏன் பிள்ளை ஃபோனிலை போடேல்லை?”

“சுவரிலை இடமில்லை மாமி, அதுதான்...”

“ஃபோனிலையும் இடமில்லையோ?”

ஜெசிதாவுக்கு முகம் எரிந்தது. ஃபோனில் எவ்வளவும் எழுதலாம். சோம்பல் என்றும் சொல்லமுடியாது, அலுப்பு. அலுத்தவளை நம்பி ஒரு குடும்பம் வலை சேர்த்திருக்கிறது என்பதை நினைக்கத் தனக்கே கேவலமாக இருந்தது.

“அண்ணை, என்ரை பிழை. என்ரை சம்பளத்திலை கழியுங்கோ,” என்றாள். அவர் அதைக் கணக்குக் கொப்பியில் குறித்துவிட்டு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். லூர்த்தம்மா அதைப் பைக்குள் வைத்து, அவளுடைய கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே ஜெசிதா குழுவுக்குத் திருத்தம் அனுப்பினாள். முதல் வரியிலேயே ‘பத்தும் ஒரே பில்லில்’ என்று எழுதினாள். முன்னைய செய்தியில் அதை விட்டது தன் பிழை என்றும் எழுதினாள்.

அடுத்த நாள் காலையில் வேலைக்கு வந்தபோது, திறக்காத கடை வாசலில் குழுவைச் சேர்ந்த ஐந்து பெண்கள் நின்றார்கள். முன்னால் மேர்சி. எல்லோருடைய கையிலும் பில்லுகள். லூர்த்தம்மா இறங்குதுறையில் நின்று, ஜெசிதா நல்ல பிள்ளை, சின்னப் பில்லுக்கும் தந்தவள் என்று சொல்லியிருக்கிறார். சம்பளத்தில் கழித்ததை மட்டும் சொல்லவில்லை. திருத்தத்தைப் பார்க்கவில்லையா என்று ஜெசிதா கேட்டாள். பார்த்தார்களாம். லூர்த்தம்மாவுக்குக் கிடைத்திருக்கிறது, பிறகு திருத்தம் என்ன திருத்தம் என்று வந்துவிட்டார்களாம்.

ஐந்து துண்டுக்கு அவளுடைய சம்பளம் தாங்காது. உள்ளதை உள்ளபடி சொன்னாள். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். மேர்சி பில்லுகளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

“விளங்குது பிள்ளை. உன்ரை பேரைப் பாத்துத்தான் நாங்கள் வேறை கடைக்குப் போகாமல் இஞ்சை வாங்கினது. இனி நீ அனுப்பினாலும், வந்து அட்டையைப் பாத்துப்போட்டுத்தான் நம்புவம்.”

அவர்கள் போனபின் பிரகாஸ் அண்ணை வந்து கடையைத் திறந்தார். அடுத்த மாதத்துச் சலுகைக் கடிதம் வந்திருப்பதாகச் சொல்லி, சுவரொட்டி, அட்டை, வாட்ஸ்அப் மூன்றுக்கும் எழுதச்சொன்னார். ஜெசிதா ஃபோனை எடுத்தாள். ‘அன்புடன் ஜெசிதா’ என்ற வரியை அழித்துவிட்டு, கடையின் பெயரைப் போட்டாள்.