மாசியில் வந்த கார்த்திகை வெள்ளம்

சடையங்குப்பத்தில் தெருவுக்கு வெள்ளம் வந்தது கார்த்திகையில். அதே தெருவின் நடுவில் இருந்த ஜெயக்கொடியின் வீட்டுக்கு வந்தது மாசியில். வீடு மேட்டிலா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மேடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த வீட்டுக்கு நாளே மூன்று மாதம் பிந்தித்தான் வந்தது.

பேப்பர் போடும் தாமோதரன் நின்றுபோனதில்தான் இது தொடங்கியது. நாற்பது வீட்டுக்குப் போட்டவருக்கு ஆறு வீடுதான் மிஞ்சியது. ஆறு பேப்பருக்கு வண்டி பெட்ரோல் கட்டாது என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். டீக்கடையும் பேப்பர் வாங்குவதை விட்டது. டிவியில் செய்தி சேனல்களுக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அதை எங்கே, எப்படிக் கட்டுவது என்று ஜெயக்கொடிக்கும் தெரியவில்லை, பக்கவாதத்தில் கட்டிலோடு கிடந்த அவள் கணவர் ராசையாவுக்கும் தெரியவில்லை. துபாயில் இருந்த மகன் ஜெரின் ஒரு டச் போன் அனுப்பினான். அதில் வாட்ஸ்அப் திறக்க ஆறு இலக்க எண் வரவேண்டும். அது வரவேண்டியது பழைய பட்டன் போனுக்கு. பட்டன் போனோ கடன் வேண்டுமா, ரீசார்ஜ் வேண்டுமா என்ற மெசேஜ்களால் நிரம்பி வழிந்தது. புதிதாக ஒன்றும் உள்ளே நுழையவில்லை. அரசாங்கம் தமிழில் அனுப்பிய எச்சரிக்கைகள் முன்பு வந்தபோதும் அதில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தன. டச் போன் பீரோவுக்குள் போனது.

அதன் பிறகு அவர்களுக்குச் செய்தி என்பது சுடலைராஜ் கடைப் பொட்டலம்தான். பருப்பையும் மிளகாயையும் கொட்டிவிட்டு, அந்தக் காகிதத்தை நீவி நீவி ராசையாவுக்கு வாசித்துக் காட்டுவாள். கிலோக் கணக்கில் எடைக்கு வரும் பேப்பர் எப்படியும் மூன்று மாதம் பழசு. வாசிக்க வாசிக்க வீடும் அந்தத் தேதிக்கே போய் நின்றுகொண்டது. ஐப்பசி மழையில் ஊர் நனையும்போது அந்தக் கூடத்தில் ஆடி வெயில் அடித்தது. எதிர்வீட்டு அங்கம்மா கூச்சமே இல்லாமல் ஈரத் துணிகளைக் கொண்டுவந்து அங்கே காயப்போட்டாள்.

கார்த்திகையில் ஏரி திறந்தார்கள். விடிந்ததும் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் வந்தது. முகாம் எந்தப் பள்ளிக்கூடம், படகு எங்கே என்று எல்லாம் இருந்தது. பத்து மணிக்குள் தெரு காலி. குரூப்பில் போட்டாயிற்றே என்று ஒருவரும் ஜெயக்கொடியின் கதவைத் தட்டவில்லை. மார்பளவுத் தண்ணீர் நான்கு நாள் தெருவில் நின்றது. அவள் வாசற்படிக்கு வந்ததும் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றுவிட்டது. உள்ளே ஆவணி. ராசையா புழுக்கமாக இருக்கிறது என்று விசிறச் சொன்னார்.

"க்ரூப்ல போட்டாங்களே யக்கா, நீ பாக்கலியா?" என்று திரும்பி வந்த அங்கம்மா கேட்டாள். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் ஜெயக்கொடி. அங்கம்மா துணியை மடித்துக்கொண்டு போனாள். கணக்கெடுக்க வந்தவர்கள் சுவரில் ஈரக் கறை இல்லை என்று போட்டோ எடுத்து, பாதிக்கப்படாத வீடு என்று போனில் பதிந்துகொண்டார்கள்.

மாசியில் ஒரு நாள் துவரம்பருப்பு வந்த காகிதத்தில் ஏரி திறக்கப்போகும் செய்தி இருந்தது. கரையோர மக்கள் உடனே வெளியேறவும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு வருடத்தில் ஒரே ஒரு செய்தி அந்த வீட்டுக்கு நேரத்துக்கு வந்திருந்தது. "ஏளா, ஆளைக் கூப்பிடு, என்னைத் தூக்கணும்" என்றார் ராசையா. காகிதத்தோடு அவள் தெருவுக்கு ஓடினாள். வெயில் கொளுத்தியது, புழுதி பறந்தது. "கார்த்திகை தண்ணிக்கு இப்போ பயந்துகினு கீறியா?" என்று சிரித்தார்கள். நாலு பேர் பிடித்தால் கட்டிலோடு தூக்கிவிடலாம். நாலு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தில் இருந்த உதவி எண்ணுக்கு அடித்தாள். மழைக்காலக் கட்டுப்பாட்டு அறை மூடியாயிற்று, இனி இணையதளத்தில் பதிவு செய்யுங்கள் என்றது ஒரு குரல். அவள் திரும்பி ஓடியபோது வீட்டுக்குள் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். கதவைத் திறந்தாள், ஒரு சொட்டு வெளியே வரவில்லை. நீந்தித்தான் கட்டிலைத் தேடினாள். கட்டில் கிடைத்தது.

ராசையா மூழ்கிச் செத்தார் என்று சான்றிதழில் எழுத மறுத்துவிட்டார்கள். மாசியில் ஏது வெள்ளம்? நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கும் இணையப் பக்கம் மார்கழியிலேயே மூடப்பட்டிருந்தது. ஜெரின் அப்பாவின் படத்தைக் குரூப்பில் போட்டான். கைகூப்பும் பொம்மைகள் நூற்றுப் பன்னிரண்டு வந்தன. அவற்றையும் அவள் பார்க்கவில்லை. அத்தனை பேரும் துக்கம் கேட்டு முடித்துவிட்டதாகவே நினைத்ததால் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

அடுத்த கார்த்திகையிலும் ஏரி திறந்தார்கள். ஊருக்கு இப்போது கணக்கு தெரியும். மாசி பிறந்ததும் குரூப்பில் அறிவிப்பு வந்தது: நாளை காலை ஜெயக்கொடி வீட்டில் வெள்ளம், பக்கத்தில் வண்டி நிறுத்தியிருப்போர் எடுத்துவிடவும். எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் வண்டியை எடுத்தார்கள். ஜெயக்கொடி உள்ளே பருப்பு களைந்துகொண்டிருந்தாள்.