சிப்பாயை வெட்டாத குதிரைகள்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குப் பொறுமை போய் வெகு நேரமாகிவிட்டது. தன் சதுரங்க ஆட்டத்தை எப்போதோ டிராவில் முடித்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தங்கையின் மேஜைக்கு எதிரே நின்றார். உட்கார மனம் வரவில்லை. அணிக்கு அவர்தான் கேப்டன். மற்ற மூன்று பலகைகளும் முடிந்து இரு அணிகளும் சமமாக நின்றன. தங்கை ஜெயித்தால் அடுத்த வருடம் முதல் பிரிவில் ஆடலாம். டிரா என்றால் பழையபடி இரண்டாம் பிரிவுதான். ஏழு வருடமாகக் கிடக்கிற இடம்.

தங்கை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் இரண்டு தடவை படித்துப் பார்க்காமல் கையில் எடுக்கமாட்டாள். சதுரங்கத்திலும் அப்படித்தான். நல்ல பழக்கம்தான், ஆனால் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு உயிர் போகும்.

பலகையில் இருந்தது இவ்வளவுதான். அவளிடம் ராஜாவும் இரண்டு குதிரைகளும். எதிராளியிடம் ராஜாவும் நட்டநடுவில் ஒற்றைக் கறுப்புச் சிப்பாயும். அந்தச் சிப்பாய்க்கு நேர் முன்னால் அவளுடைய ஒரு குதிரை வழிமறித்து நின்றது. முன்பே அதை வெட்ட வாய்ப்பு வந்தது, வெட்டவில்லை. அப்போதே அவருக்கு வயிறு எரிந்தது. ஓசியில் கிடைக்கிற சிப்பாயை எவளாவது விடுவாளா? வெட்டினாலும் புண்ணியம் இல்லை என்பது வேறு விஷயம். வெறும் ராஜாவை இரண்டு குதிரைகளை வைத்துக்கொண்டு கட்டாயப்படுத்தி மேட் செய்ய, அதாவது தப்ப வழியில்லாமல் பிடிக்க, முடியாது. சதுரங்கம் கற்றுக்கொண்ட முதல் மாதத்திலேயே காதில் விழுகிற பாடம் அது. இது தெரியாமல் இந்தப் பெண் எதிராளியைத் துரத்திக்கொண்டிருக்கிறாளே, நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

எதிராளி ஒரு பஸ் டிரைவர். காக்கிச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. அவள் குதிரையால் செக் கொடுத்தாள். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார், ராஜாவை மூலைக் கட்டத்தில் தள்ளினார், அதே மூச்சில், "டிரா வெச்சுக்கலாமா?" என்றார்.

நடுவில் நின்ற குதிரையை நோக்கி அவள் கை போனது. தொடுவதற்கு ஒரு விரல் இடைவெளியில் அப்படியே நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

காரணம் இருந்தது. போன சுற்றில் அவர் டிராவுக்கு ஒத்துக்கொள்ளச் சொல்லியும் கேட்காமல் ஆடித் தோற்றுப்போனாள். அன்றைக்கு அணி முழுக்க நின்றுகொண்டிருக்க, அவர் அவளை வறுத்தெடுத்துவிட்டார். இனிமேல் கேப்டன் சொன்னதுதான் என்று எல்லார் முன்னாலும் அவளைச் சொல்லவைத்தார். அவளும் சொன்னாள். அவள் ஆடுகிற மூன்றாம் பலகைக்கு அடுத்த வருடம் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்றும் சொல்லி வைத்திருந்தார். வாய்க்கொழுப்புத்தான், வேறென்ன.

கேப்டன் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. டிராவை ஒத்துக்கொள், வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம், அதுவும் நடுவர் காதுபட. நடுவர் பக்கத்திலேயே நின்றார்.

"ஒத்துக்கோ," என்றார் அவர்.

அவள் ஒரு நொடி அவரையே பார்த்தாள். பிறகு டிரைவரிடம் கையை நீட்டினாள்.

பக்கத்து டீக்கடையில் அணி உட்கார்ந்தது. பல் டாக்டர் ஒரு பக்கம், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற 'கிளட்ச்' ஒரு பக்கம், தங்கை ஜன்னலோரம். யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தைக் கேப்டனால் தாங்கமுடியவில்லை. தோற்ற வீட்டில் யாராவது பேசியாகவேண்டும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பேச ஆரம்பித்தார்.

"கடைசில ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ரெண்டு குதிரைய வெச்சு யாரும் மேட் பண்ண முடியாது, அது உலகத்துக்கே தெரியும். தப்பு அதுக்கு முன்னாடி. யானையக் கையில வெச்சிருந்தப்பவே ஜெயிச்சிருக்கணும். அங்க கோட்டை விட்டுட்டு இங்க வந்து குதிரை ஓட்டினா?"

தங்கை டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அது கரைந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்," என்று அவர் சிரிக்க முயன்றார். "கையில கிடைச்சதை விட்டுட்டு..."

அந்த நேரம் பார்த்து டிரைவர் உள்ளே வந்தார். முகமெல்லாம் பல். நேராகக் கேப்டனிடம் வந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், நீங்க நல்லா இருக்கணும். அந்த வார்த்தைய மட்டும் நீங்க சொல்லாம இருந்தா நான் அங்கேயே காலி."

"எதுக்கு காலி?" என்றார் கேப்டன்.

டிரைவர் முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கையடக்கப் பலகை ஒன்றை எடுத்தார். காய்களை வைத்தார். மூலையில் கறுப்பு ராஜா. அது போகக்கூடிய இரண்டு கட்டங்களை மூடிக்கொண்டு பக்கத்தில் வெள்ளை ராஜா. மிச்சமிருந்த ஒரே கட்டத்தை மூடிக்கொண்டு ஒரு குதிரை. நடுவில் சிப்பாய், அதன் முன்னால் இன்னொரு குதிரை.

"இப்ப இந்தச் சிப்பாய் இல்லைன்னு வெச்சுக்கங்க." அதை எடுத்து டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தார். "என் ராஜாவுக்கு நகர இடமே இல்லை. மேட் பண்ண தூரத்துல இருக்கிற குதிரை வரணும். ஒரே தாவுல வராது, ரெண்டு தாவு வேணும். முதல் தாவு தாவினா என் முறை. எனக்குச் செக்கும் இல்லை, நகரவும் முடியலை. ஆட்டம் டிரா. என்னை நெருக்கிப் பிடிச்சா மூச்சு முட்டி டிரா, கொஞ்சம் தளர்த்தினா நான் வெளிய ஓடிடுவேன். அதனாலதான் ரெண்டு குதிரை பத்தாதுன்னு சொல்றது."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் கேப்டன்.

"இப்ப சிப்பாயைத் திருப்பி வைக்கிறேன்." வைத்தார். "குதிரை விலகி ஒரு தாவு தாவுது. என் முறை. ராஜா நகர முடியாது. ஆனா சிப்பாய்க்கு வழி திறந்தாச்சு. நகர ஒண்ணு இருக்கு சார், நகர்ந்தே ஆகணும். நகர முடியலை, டிரான்னு சொல்ல வழியே இல்லை." சிப்பாயை ஒரு கட்டம் இறக்கினார். குதிரையை எடுத்து ராஜாவின் தலைமாட்டில் வைத்தார். "செக். மேட். என் சிப்பாயே எனக்கு எமன். அது ரொம்பக் கீழ இறங்கியிருந்தா ராணியாகி என்னைக் காப்பாத்தியிருக்கும். அம்மா அதை நடுவுலயே நிறுத்திப் பிடிச்சுட்டாங்க. அதான் வெட்டலை. வெட்டியிருந்தா நான் அப்பவே எழுந்து கும்பிட்டிருப்பேன். மூலைக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சது. டிரா கேக்கறதைத் தவிர வேற வழி தோணலை."

கேப்டன் பலகையைப் பார்த்தார். இரண்டே நகர்வு. ஊரார் கண்ணுக்கெல்லாம் நம்பர் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், மூக்குக்கு முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு நிமிடம் முன்னால் அந்த நாக்கு என்னவெல்லாம் பேசியது!

பல் டாக்டர் மெதுவாகத் தங்கையைக் கேட்டார். "நீ இதைப் பாத்தியாம்மா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இல்ல டாக்டர். பாக்கலை. நானும் டிரான்னுதான் நினைச்சேன்."

பொய். அவருக்கு அந்தக் கணமே தெரிந்தது. குதிரைக்கு ஒரு விரல் தூரத்தில் நின்ற கையை அவர் பார்த்தாரே. சரியாக அந்தக் குதிரை. வாயைத் திறக்க அதுதான் நேரம். 'இல்லை, அவ பாத்துட்டா, நான்தான் நிறுத்தினேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. ஆறின டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

தங்கை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவரும் கூடவே போனார். பஸ் நிறுத்தம் வரை செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ பாத்தேதானே?" என்றார்.

"விடு அண்ணா."

"சொல்லு."

"பாத்தேன். சிப்பாயை வெட்டாம விட்டப்பவே இதுக்காகத்தான் விட்டேன்."

"அப்புறம் ஏன் கை குடுத்தே? நான் சொன்னா? எனக்கென்ன தெரியும்?"

"எல்லார் முன்னாடியும் சொல்ல வெச்சியே, நீ சொன்னதுதான்னு. நீயும் ஏதாவது கணக்குப் பண்ணித்தான் சொல்றியோன்னு நினைச்சேன். நான்தான் எதையோ தப்பாப் பாக்கறேனோன்னு ஒரு பயம் வந்துடுச்சு." பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை போயிடுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். திருப்பிக் கத்தியிருக்கலாம். அவள் கடைக்கு வருகிறவர்களிடம் மருந்து எப்போது சாப்பிடவேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். அவமானம் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது.

"அங்க ஏன் பொய் சொன்னே?"

"நீ அப்பத்தான் அவ்வளவு பேசியிருந்தே. உலகத்துக்கே தெரியும்னு வேற சொன்னே. உன்னை எப்படி விட்டுக் குடுக்கறது?"

பஸ் தூரத்தில் தெரிந்தது. "நீ ஏறிப் போ," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். நடை ஓட்டமானது. கடையில் ஆள் இருக்கவேண்டுமே என்று ஒரு மனசு அடித்துக்கொண்டது, எல்லாரும் போயிருந்தால் நல்லது என்று இன்னொரு மனசு கெஞ்சியது. அந்த இரண்டாவது மனசை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

எல்லாரும் இருந்தார்கள். டிரைவர் மட்டும் போய்விட்டிருந்தார். காலி கிளாஸ்களை முன்னால் வைத்துக்கொண்டு பல் டாக்டரும் கிளட்சும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அவ பாத்துட்டா. முன்னாடியே பாத்துட்டா. நான்தான் கெடுத்தேன். முதல் பிரிவு போனது என்னால. இங்க உட்காந்து அவளைப் பேசினது அதைவிடக் கேவலம். அடுத்த வருஷம் மூணாவது பலகை அவளுக்குத்தான். நான் கேப்டனா இருக்க லாயக்கில்லை."

கிளட்ச் அவரை நிமிர்ந்து பார்த்தார். பழக வருகிறவர்கள் எவ்வளவு மோசமாக வண்டி ஓட்டினாலும் குரலை உயர்த்தாத மனிதர்.

"உட்காருங்க கேப்டன். அவ கை எந்தக் குதிரைகிட்ட நின்னுச்சுன்னு நாங்களும் பாத்தோம். இங்க அந்த ஆள் காயை வெச்ச உடனே புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் யாரும் ஒண்ணும் சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தோம்," என்றார் பல் டாக்டர். "நீங்க டீ குடிச்சீங்க."

கேப்டன் உட்காரவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை பஸ்ஸில் ஏறாமல் பின்னாலேயே வந்திருந்தாள், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் எவ்வளவு கேட்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தார். தலை எழவில்லை.