மூன்று மீன்தான் குறியோடு வந்தது

என்னைப் போல ஒரு மடைச்சி எங்கள் பிரிவில் இல்லை. இதை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொல்லி எனக்கு இன்னும் ஆத்திரம் வரக்கூடாது.

பூவரசங்குளத்துக்கு அப்பால் ஒரு சின்னக் குளம். அதில் எத்தனை திலாப்பியா மீன் இருக்கின்றன என்று மதிப்பிடுவதுதான் என் இறுதியாண்டுக் கள அறிக்கை. நூற்றிருபது மீனைப் பிடித்து, செட்டை நுனியை வெட்டிக் குறியிட்டுத் திரும்ப விட்டேன். இரண்டு கிழமை கழித்து மீண்டும் பிடிக்க வேண்டும். முதலில் குறியிட்ட தொகையை இரண்டாம் பிடியால் பெருக்கி, அதில் குறியோடு வந்த தொகையால் வகுத்தால் குளத்தின் கணக்கு வரும். அந்த ஒரு மாதமும் யாரும் குளத்தில் மீன் பிடிப்பதில்லை என்று மீனவர் சங்கம் ஒத்துக்கொண்டது. சங்கத்துக்காரர்தான் எனக்காக வலை இழுத்தார்கள். நான் கரையில் கொப்பியோடு நின்றேன்.

இரண்டாம் பிடியில் நூற்றைம்பது மீன். குறியோடு மூன்றே மூன்று. வகுத்தால் ஆறாயிரம். அந்தக் குளத்தில் ஆறாயிரமா? தண்ணீரை விட மீன் கூட இருக்க வேண்டும்.

கணக்கு எவற்றை நம்பி நிற்கிறதோ அந்த எடுகோள்களைச் சரிபார்த்தேன். வேறு பத்து மீனுக்கும் குறியிட்டுத் தொட்டியில் தனியாக வைத்திருந்தேன், ஒன்றும் சாகவில்லை, வெட்டும் மறையவில்லை. குளம் நிரம்பினால் வழியும் கலிங்கு வழியாகவும் தண்ணீரோ மீனோ வெளியே போகவில்லை. அப்படியென்றால் யாரோ களவாகப் பிடித்திருக்கிறார்கள் என்றார் என் மேற்பார்வையாளர் குகதாசன் சேர். நானும் எழுதினேன், 'குளக்கட்டருகே வசிக்கும் மீனவர் மீன்களை அகற்றியதால் எடுகோள் மீறப்பட்டது' என்று. பெயர் போடவில்லையாம், பெரிய நாகரிகம்! கட்டருகே இருப்பது ஒரே வீடு, பொன்னையாவின் வீடு. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களில் ஒருவர் வீடு அங்கே இருந்திருந்தால் அப்படி எழுதியிருப்பேனா? மாட்டேன்.

அறிக்கையின் பிரதி சங்கத்துக்குப் போனது. தலைவர் தவராசா கூட்டத்தில் அதை வாசித்து, தடை முடிந்த பிறகும் இரண்டு மாதம் பொன்னையாவின் வள்ளம் இறங்கக்கூடாது என்று தீர்த்தார். தான் எடுக்கவில்லை என்று பொன்னையா சொன்னாராம். யார் கேட்டது?

வாய்மொழிப் பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. களவாகப் பிடிப்பவன் வலையில் குறியுள்ளதும் குறியில்லாததும் ஒரே விகிதத்தில்தானே விழும்? அவன் நூறு மீனை விற்றாலும் மிச்சத்தில் விகிதம் மாறாது, என் கணக்கும் கெடாது. குறியுள்ளதை மட்டும் யாரோ பிரித்தெடுத்திருக்க வேண்டும். விற்கிறவனுக்கு வெட்டுச் செட்டை எதற்கு?

தடை இன்னும் முடியவில்லை. தவராசாவிடம் மன்றாடி மறுபடி வலை போட அனுமதி வாங்கினேன். இந்த முறை கரையில் நிற்கவில்லை, எனக்கு வலை இழுத்தவர்களில் ஒருவனான சதீஸின் வள்ளத்தில் ஏறிவிட்டேன். முதல் வலை மேலே வந்தது. சதீஸ் ஒரு மீனைப் புரட்டிப் பார்த்தான், செட்டை வெட்டு. அலுங்காமல் தண்ணீரில் விட்டான்.

"என்ன செய்யிறீங்கள்?"

"இது உங்கட மீனெல்லோ," என்றான். "வேற ஆளின்ர குறிசுட்ட மாடு பட்டிக்குள்ள வந்தா நாங்கள் கட்டி வைப்பமே? அவிட்டு விடுவம். பிள்ளையின்ர மீனைத் தொடாதேங்கோ எண்டு பொன்னையாண்ணைதான் அண்டைக்கே சொன்னவர்."

போன முறையும் அப்படியே பன்னிரண்டு, பதின்மூன்று விட்டார்களாம். கைதவறிக் கரைக்கு வந்ததுதான் அந்த மூன்று. குறியுள்ள மீனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று முதல் நாள் கத்தினது நான். எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்லாததும் நான்தான்.

அன்று எல்லாவற்றையும், அவன் விட்டதையும் சேர்த்து, வள்ளத்திலேயே எண்ணினேன். நூற்றிநாற்பதில் குறியோடு பதினான்கு. ஆயிரத்திருநூறு மீன்.

குகதாசன் சேரிடம் ஓடினேன். புள்ளி போட்டாயிற்று என்றார். எடுகோள் மீறலுக்கு நல்ல உதாரணமாம், பழையதே இருக்கட்டுமாம். நல்ல உதாரணம்! ஒரு மனிசனின் வள்ளம் இரண்டு மாதம் கரையில் கிடந்து காயப்போகிறது, இவருக்கு உதாரணம். புதிய அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இருந்தால் வாய் தவறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று முழுவதையும் சொன்னேன். பிழை என்னுடையது, பொன்னையா ஒரு மீனும் எடுக்கவில்லை, என் மீனைக் காப்பாற்றத்தான் பார்த்தார் என்றேன். தவராசா தொண்டையைச் செருமி, தண்டனை இல்லை என்றார். சிலர் கைகூடத் தட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

பொன்னையா பின்வரிசைக் கதிரையிலிருந்து எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க எழுதினப்ப நான் கள்ளன். இப்ப நீங்க சொல்றப்ப நான் கள்ளன் இல்ல. நடுவுல ஒரு தடவ என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே புள்ள, வீடு கட்டுப் பக்கத்துலதான இருக்கு?"