குமிழி விடாத பாட்டில்

கருவடிக்குப்பத்தில் அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது மூக்குக்கே தெரிந்துவிடும். கமலவேணி வீட்டு வாசனைக்கு மட்டும் யாராலும் பெயர் வைக்க முடியவில்லை. புளித்த மாவு என்றார்கள், பழங்கள் என்றார்கள். எதிர்வீட்டு அஞ்சலாட்சி ஒருபடி மேலே போய், "உள்ளே சாராயம் ஊறல் போடுறாளோ?" என்று கேட்டுவைத்தாள். கேட்டதோடு நிற்காமல் நாலு வீட்டில் பதிலையும் சொல்லிவிட்டு வந்தாள்.

விஷயம் இவ்வளவுதான். கமலவேணி பீச் பக்கத்து கஃபே ஒன்றின் சமையல்கட்டில் ஆறு வருஷம் வெங்காயம் நறுக்கியவள். அந்த கஃபேக்கு வந்து போன ஒரு வெள்ளைக்கார மதாம் ஐந்து நாள் வகுப்பெடுத்தாள். காய்களை உப்பில் புளிக்க வைப்பது, கொம்புச்சா போடுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். வகுப்பு முடிந்த கையோடு கமலவேணி வேலையை விட்டாள், பின்பக்க அறையில் பலகை அடித்தாள், கண்ணாடி பாட்டில்களை வரிசையாக அடுக்கினாள். விடிகாலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் கோஸ், முள்ளங்கி, கேரட் வாங்கி வருவாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை தராசுக்குத்தான். கிலோ காய்க்கு இருபத்தைந்து கிராம் உப்பு, ஒரு கிராம் கூடாது, குறையாது. தெருவே கைப்பிடிக் கணக்கில் உப்பு போடுகிறபோது இவள் மட்டும் நகைக்கடைக்காரி மாதிரி நிறுத்துக்கொண்டிருந்தால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள்.

அதிகம் சிரித்தது பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் கண்ணையன் மில் மூடிய நாளிலிருந்து வீட்டோடு. அவரை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாததாலோ என்னவோ, காலையில் ஒருதரம் மாலையில் ஒருதரம் கமலவேணியின் பின்னறைக்கு வந்து ஆஜர் கொடுத்துவிடுவாள்.

"இன்னாடி கமலா, முள்ளங்கியில வெள்ளையா ஆடை கட்டியிருக்குது? கெட்டுப்போச்சு பாரு."

"கெடலக்கா. தட்டையா, சுருக்கம் சுருக்கமா இருக்குது பாருங்க. இது ஒண்ணும் பண்ணாது. வழிச்சுப் போட்டுட்டா போச்சு."

"வழிச்சுப் போட்டுட்டு விக்கிறியா? நல்லா இருக்குதுடி உன் கதை!"

அடுத்த பாட்டிலைப் பார்த்ததும் கமலவேணியின் முகம் மாறியது. அது கொம்புச்சா: சர்க்கரை போட்ட டீயில், பழைய புளித்த டீயையும் அதன் மேலே தோசை மாதிரி மிதக்கும் தோலையும் சேர்த்து ஊறவைப்பது. அந்தத் தோலின் ஓரத்தில் கால் ரூபாய் அகலத்தில் பச்சையாக, பஞ்சுபோல ஒரு பொட்டு எழும்பியிருந்தது. போன வாரம் அவசரத்தில் பழைய புளிப்பைக் குறைவாக ஊற்றியிருந்தாள். புளிப்பு ஏறத் தாமதமானதால் பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிட்டது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்த் தோலோடு கழிவறையில் கொட்டினாள். வெந்நீரும் சோப்பும் போட்டு பாட்டிலைத் தேய்த்தாள்.

"அம்மாடி! அந்த ஒரு பொட்ட கிள்ளிப் போட்டா ஆவாதா?"

"ஆவாதுக்கா. வெள்ளையா தட்டையா இருந்தா பொழச்சோம். மயிர் மாதிரி எழும்பி, பச்சை, கருப்பு, ரோஸுன்னு நிறம் வந்துச்சா, அம்புட்டும் குப்பை."

இப்படிக் கண்டிப்பாக இருந்தவள்தான். தெருவில் அவளைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொன்னார்கள், அழுக்கு என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

வினை இரக்கத்தில் வந்தது. கண்ணையனுக்கு பி.பி. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஆதிலட்சுமி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்த ஊறுகாய் பாட்டில்கள் எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிட்டாள். மனுஷன் தயிர்ச்சோற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் போடுற. உங்க மாமாவுக்கு உப்பில்லாம ஒண்ணு போட்டுத் தர உனக்குக் கை வரல, இல்ல?" என்றாள் ஆதிலட்சுமி, மதில்மேல் சாய்ந்துகொண்டு.

அந்தச் சொல் கமலவேணிக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே ஒரு கிலோ பூண்டு உரித்தாள். மாமாவுக்குக் கடைவாய்ப்பல் இல்லையே என்று இட்லிப் பானையில் நன்றாக அவித்தாள். பி.பி. ஆயிற்றே என்று இருபத்தைந்து கிராம் உப்பை ஐந்து கிராமாக்கினாள். புளி வயிற்றை எரிக்கும் என்று புளி இல்லை, எலுமிச்சையும் இல்லை. உப்பு குறைந்தால் கெட்டுப்போகுமோ என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குத்தான் வழி இருக்கிறதே! ஊறுகாய்க்கு எல்லா வீட்டிலும் செய்வதுபோல நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து, பூண்டு மூழ்க இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, மூடியை இறுக்கினாள். எண்ணெய் நின்றால் பூஞ்சை வராது. அது அவளுக்குத் தெரிந்த உண்மை. உண்மையும்கூட.

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மற்ற பாட்டில்கள் எல்லாம் பொங்கின, கலங்கின, மூடியைத் தளர்த்தினால் புஸ்ஸென்று மூச்சு விட்டன. பூண்டு பாட்டில் மட்டும் ஒரு குமிழிகூட விடாமல் அமைதியாக இருந்தது. ஆடை கட்டவில்லை, நிறம் மாறவில்லை. அறையிலேயே அழகான பாட்டில் அதுதான். 'சமத்து' என்று கமலவேணி அதன் தலையைத் தட்டினாள்.

விற்கிற பாட்டில் ஒவ்வொன்றிலும், புளிப்பை எண்ணில் காட்டும் காகிதத்தை நனைத்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டாள். இதில் நனைக்கவில்லை. விற்கிற சரக்கா இது, பக்கத்து வீட்டுக்குப் போவதுதானே. தவிர, எண்ணெயில் காகிதம் வீணாகும். பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், மதில்மேலாகக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணையன் பத்துப் பன்னிரண்டு பல் தின்றாராம். "கமலா கைய எடுத்து கண்ணுல ஒத்திக்கணும்"னு சொன்னாராம். ஆதிலட்சுமிக்குப் பூண்டு ஆகாது, தொடவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போன ஒரே ஸ்கூட்டருக்கு இரண்டு தடவை காலை மடக்கி வழிவிட்டார். அஞ்சலாட்சி அதைப் பார்த்துச் சிரித்தாள். செவ்வாய் காலை தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, மூக்கு வழியாக வந்தது. நாக்கு புரளவில்லை.

"பக்கவாதம்தான். பி.பி. இருந்தா அடிக்காம வுடுமா?" என்று அஞ்சலாட்சி தீர்ப்பெழுதினாள். தெரு கையெழுத்துப் போட்டது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கமலவேணி தலைமாட்டில் நின்றாள். அவளுடைய அப்பாவுக்கும் பக்கவாதம்தான் வந்தது. வாய் ஒருபக்கம் கோணியது, ஒரு கை விழுந்தது. மாமாவுக்கு வாய் கோணவில்லை. இரண்டு இமைகளும் ஒரே மாதிரி பாதியில் தொங்கின. "மாமா, என் கையப் புடிங்க" என்றாள். புரிந்துகொண்டு இரண்டு கையாலும் பிடித்தார், பலமில்லாமல். நினைவு தெளிவாக இருந்தது. அந்த அரைக்கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வீட்டப் பூட்டிடு கமலா!" என்று சாவியை வீசிவிட்டு ஆதிலட்சுமி வண்டியில் ஏறினாள்.

சமையல்கட்டில் பாட்டில் இருந்தது. கால்வாசிக்கு மேல் காலி. கமலவேணி வீட்டுக்கு ஓடிப்போய்க் காகிதத்தை எடுத்து வந்தாள். எண்ணெயை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்த நீரை ஸ்பூனில் எடுத்துக் காகிதத்தை நனைத்தாள். புளிக்கப் புளிக்க எண் இறங்கும்; நல்ல பாட்டில் என்றால் மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவே வந்து நிற்கும். இது ஆறில் நின்றது. இன்னொரு காகிதம் நனைத்தாள். ஆறு. மூன்றாவதும் ஆறுதான்.

நாலு புள்ளி ஆறு. மதாம் அந்த எண்ணைச் சுவரில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். அதற்குக் கீழே எண் இறங்கினால் பிழைத்தீர்கள். இறங்காவிட்டால், காற்றில்லாத இடத்தில் ஒரு கிருமி விஷம் வைக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை, பூஞ்சை மாதிரி கண்ணுக்குத் தெரியாது. தின்றவருக்கு முதலில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், கடைசியில் மூச்சு நிற்கும். அவித்தாலும் அந்தக் கிருமியின் விதை சாகாது. பூண்டும் எண்ணெயும் என்று அவள் குறிப்பிட்டே சொன்னாள். கமலவேணி அதை நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள். அவித்தபோது செத்ததெல்லாம் புளிக்க வைக்கிற நல்ல ஜீவன்கள். உப்பு தடுக்கவில்லை. காற்றை எண்ணெய் மூடியது. அந்த விதைக்கு அறை ஒழித்து, பாய் விரித்து, கதவையும் சாத்திக் கொடுத்தவள் அவளேதான்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. பக்கவாதம் என்று தெரு முடிவு செய்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பாட்டிலைக் கொட்டிக் கழுவி வைத்தால் யாருக்குத் தெரியும்? கண்ணையனுக்கு வாய் திரும்பினால்தானே எதையாவது சொல்ல! தொட்டிமேல் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் விளிம்புவரை வந்தது. அந்த அரைக்கண் இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருந்தது.

மூடியை இறுக்கி, இரண்டு கேரி பேக்கில் சுற்றி, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் இளம்வயதுப் பெண். செந்தமிழ்ச்செல்வி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆதிலட்சுமியிடம், "மூளையில அடைப்பு, ரத்தக்கசிவு ஒண்ணுமே இல்லம்மா. அதான் புரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கமலவேணி பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். "இத ஞாயித்துக்கிழமை சாப்பிட்டாரு. நான் போட்டது. பூண்டு அவிச்சு, உப்பு கம்மியா, மேல எண்ணெய். புளிப்பு ஆறுல நிக்குது. நான் பாக்காம குடுத்துட்டேன்."

டாக்டர் பாட்டிலைப் பார்த்தாள், ஸ்கேனைக் கீழே வைத்தாள். திரும்பிய வேகத்தில் நாற்காலி உருண்டு சுவரில் இடித்தது. மூச்சுக்கு மெஷின் தயாராக வை, விஷமுறிவு மருந்து எங்கே இருக்கிறது என்று போன் போடு, இங்கே இருப்பு இருக்காது என்று யாரிடமோ கத்தினாள்.

ஆதிலட்சுமி ஒன்றும் புரியாமல் நின்றவள், மெல்ல, "நீ குடுத்ததா?" என்றாள். "பச்சை வந்தா கொட்டிடுவேன்னியே. இதுல ஒண்ணுமே வரலியேடி!"

"ஒண்ணும் வரலக்கா. அதான்."

டாக்டர் திரும்பி வந்தாள். "வேற யாரு சாப்பிட்டது? ஒரு பல்லுன்னாலும் சொல்லுங்க. இப்பவே."

"நான் தொடல" என்றாள் ஆதிலட்சுமி. அப்புறம் அவள் கை வாய்க்குப் போனது. உப்பளம் பகுதியில் கட்டிக்கொடுத்த மகள் கலைவாணி ஞாயிறு சாயங்காலம் அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். அவள் போகும்போது ஆதிலட்சுமிதான் ஒரு கிண்ணத்தில் பூண்டைப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

போனை அழுத்த ஆதிலட்சுமியின் விரலுக்குத் தெரியவில்லை. கமலவேணி வாங்கி அழுத்தினாள். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"கலைவாணி, நான் கமலா அக்கா. உங்கம்மா குடுத்த பூண்டு…"

"அதுவா? நேத்து மத்தியானமே காலிக்கா, நான் ஒருத்தியே தின்னுட்டேன்" என்றாள் கலைவாணி. குரல் கொஞ்சம் கனத்திருந்தது, தூங்கி எழுந்தவள் மாதிரி. "அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீங்களாமே? கிளம்பிட்டுதான் இருக்கேன். இந்தப் பாழாப்போன பஸ் நம்பர்தான் காலையிலேருந்து ரெண்டு ரெண்டா தெரியுது. மூணு பஸ்ஸ வுட்டுட்டேன்."