பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

காஜா பேராங் என்ற ஊரில் தையல் மெஷினை மிதித்து மகள் ருக்மணியை வளர்த்துவந்த சிவகாமசுந்தரிக்கு, விதவைப் பென்ஷனாக வாங்கியதில் எண்ணூற்றுச் சொச்சம் வெள்ளிப் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. மெஷினை விற்றாலும் பாதி தேறாது. விற்றுவிட்டால் அப்புறம் சோற்றுக்கு எங்கே போவது?

செய்ததும் அவள்தானே! முதல் புருஷன் மராமத்து இலாகாவில் கணக்கெழுதும் கிராணி. அவர் போனபின் ருக்மணியோடு தனியாக நின்றவளுக்கு அந்தப் பென்ஷன்தான் கை கொடுத்தது. மறுமணம் செய்தால் நின்றுவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நாடு மெர்டேக்கா என்று சுதந்திரம் வாங்கியதற்கு முந்தின தை மாதம் பஸ் டிரைவர் பொன்னுதுரை கோயிலில் தாலி கட்டியபோது, ரெஜிஸ்டர் பண்ணாத கல்யாணம் ஒரு கல்யாணமா என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள் மகராசி. தாலியை ரவிக்கைக்குள் தள்ளினாள். வருஷா வருஷம் மறுமணம் செய்யவில்லை என்று கையெழுத்தும் போட்டாள்.

பொன்னுதுரை செமாபோக்கில் தனி அறையில் இருந்துகொண்டு, விருந்தாளி மாதிரி வந்து போனார். தெருவுக்கே கேட்கும்படி, "பொன்னுதுரை, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்பாள். எந்தப் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லுவாள்? ஊர் நம்பியது. அவர் முகம்தான் தொங்கிப் போகும்.

"ஒரு நாளாச்சும் பேரச் சொல்லாம கூப்பிடேன்" என்று கேட்பார். ருக்மணிக்குக் காசு வேண்டாமா என்று அவர் வாயை அடைத்துவிடுவாள்.

போன வருஷம் காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார். அக்கம்பக்கத்துப் பெண்களோடு ஓரமாய் நின்று அழுதுவிட்டு வந்தாள். பிறகு அவருடைய சேமநிதிப் பணத்துக்கு, நான்தான் மனைவி என்று, தாலி கட்டிய அன்று கோயிலில் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து மனுப் போட்டாள். அந்தச் சேதி பென்ஷன் ஆபீசுக்கு எட்டாமல் இருக்குமா?

கடிதத்தோடு ஆபீசுக்குப் போனாள். கிராணி தேவதாஸ் ஏசவில்லை. கோயிலில் கட்டினாலும் சட்டத்துக்கு அது கல்யாணம்தான் என்றார். கடிதத்தைக் கிடப்பில் போடாமல், மறைத்ததை ஒப்புக்கொண்டு பதில் எழுதச் சொன்னார். எந்தத் தேதியிலிருந்து கணக்குப் போட்டார்கள் என்று பார்த்தார். தாலி கட்டுவதற்கு முந்தின மாதங்களும் சேர்ந்திருந்தன. அதைக் கழிக்கச் சொல்லலாம், மிச்சத்தைத் தவணையில் கட்டக் கேட்கலாம். அப்புறம் பிள்ளை உண்டா என்று விசாரித்தார். பத்து வயசில் ஒரு மகள் என்றாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தாய் மறுமணம் பண்ணிக்கிட்டா அந்தப் பென்ஷன் புள்ளைக்குத்தாம்மா போகும். அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா ஒண்ணும் கெட்டிருக்காது. இப்பவும் கேட்டு எழுதுவோம். அவ பங்கைக் கடன்ல கழிக்கச் சொல்லுவோம்."

கடன் இறங்கும் என்பது அவள் காதில் ஏறவே இல்லை. அப்படியானால் எதற்காக அந்த மனுஷனை வாசலோடு நிறுத்திவைத்தோம்?

தேவதாஸ் மனுவை எழுத ஆரம்பித்தார். இரண்டாவதாகக் கட்டியவர் பேர் என்ன என்று கேட்டார். தெருவே கேட்கக் கூவிய பேர். தலையைக் குனிந்துகொண்டு கோயில் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அதுல இருக்கு பாருங்க. அவங்க பேர நான் சொல்லக் கூடாது."