வந்து சேர்ந்த மெயில்

'மெயில் வரவே இல்லை' என்று அடித்துச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தக் கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வராத மெயிலைவிடப் பார்க்காத மெயில்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

அன்று மேனேஜர் அறையில் நான்கு பேர் இருந்தோம். மேனேஜர், பர்சனல் ஆபீசர் மேடம், கோடவுன் சூப்பர்வைசர் அக்கா, நான். போன வியாழக்கிழமை கோடவுனில் சரக்கு லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் கீழே விழுந்து ஒரு லோடுமேனுக்கு இரண்டு காலும் முறிந்துவிட்டது. விழுந்தவன் அக்காவின் சொந்தத் தம்பி. பிரேக் வழுக்குகிறது என்று செவ்வாய்க்கிழமையே மேனேஜருக்கு மெயில் போட்டதாக அக்கா சொன்னாள். வரவில்லை என்றார் அவர். மெயில் இல்லையென்றால் எச்சரிக்காத குற்றத்துக்கு அவளுக்கு வேலை போகும். அதைவிட, தம்பி பெண்டாட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் "உங்க அலட்சியத்தாலதான் அவர் இப்படிக் கெடக்கார்" என்று சொல்லிவிட்டாள்.

"நான் அனுப்பின மெயில் லிஸ்ட்ல இருக்கு சார், பாருங்க," என்று அக்கா போனை நீட்டினாள்.

"உன் பொட்டியை விட்டுக் கெளம்பினதுக்குத்தான் அது சாட்சி. எனக்கு வந்துச்சா? நான் உன் பேரைப் போட்டுத் தேடிட்டேன். ஒண்ணும் இல்ல."

சொன்னது சரிதான். ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததால் எனக்குக் கசந்தது.

முதலில் அவர் ஜங்க் ஃபோல்டரைப் பார்த்தேன். லாட்டரிப் பரிசு, முடி வளர்க்கும் எண்ணெய். அக்காவின் மெயில் இல்லை. அவள் லிஃப்டைப் படமெடுத்து வீடியோவும் இணைத்திருந்தாள். சந்தேகமான இணைப்பு என்று சர்வர் குவாரன்டைனில் பிடித்து வைத்திருக்கலாம். அப்படி நிறுத்தியதை நான் விடுவிக்கும்வரை யாருக்கும் போகாது. அங்கேயும் இல்லை.

"பாத்தியா? பழியை என் தலையில கட்டப் பாக்குறா. தம்பியை லிஃப்ட்ல ஏத்தினதே இவதான்."

அக்காவின் முகம் வெளிறியது. பர்சனல் மேடம் பேனாவை மூடினார். முடிந்தது என்று நினைத்துவிட்டார் போல.

"இன்னும் சர்வரோட பதிவு, லாக், இருக்கு மேடம்," என்றேன்.

லாக்கில் மெயிலின் உள்ளே இருப்பது தெரியாது. யார், யாருக்கு, எப்போது, என்ன தலைப்பு, என்ன ஆனது என்பது மட்டும் இருக்கும். செவ்வாய் காலை, அக்காவிடமிருந்து மேனேஜருக்கு, 'லிஃப்ட் பிரேக் அவசரம்'. சோதனையில் தேறியது. கடைசி வரி: பெட்டியில் சேர்க்கப்பட்டது.

"சேர்ந்துடுச்சு சார்."

"அப்ப எங்கய்யா? உன் சர்வர்தான் முழுங்கியிருக்கும்!"

"வர்ற மெயில் தானா எங்க போகணும்னு உங்க பெட்டியில என்னென்ன ரூல் போட்டு வெச்சிருக்கீங்கன்னு பாக்கணும்," என்றேன்.

"என் பொட்டியைக் கிண்ட நீ யாரு?"

"பாக்கட்டும்," என்றார் மேடம். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஒரே ஒரு ரூல்தான் இருந்தது. அனுப்புவது கோடவுன் சூப்பர்வைசர் என்றால், படித்ததாகக் குறித்து, 'தொல்லை' என்ற ஃபோல்டருக்கு நகர்த்து. புது மெயில் என்ற எண்கூடக் காட்டாது. இவர் தேடியது இன்பாக்ஸுக்குள் மட்டும். போட்ட ரூலையே மறந்திருக்கிறார், மகாராஜா.

ஃபோல்டரைத் திறந்தேன். கூரை ஒழுகல், கையுறை இல்லை, வயர் தீயுது, லிஃப்ட் சத்தம் போடுது. எல்லாம் அக்கா அனுப்பியவை. மேலே இருந்தது செவ்வாய்க்கிழமை மெயில்.

"படிங்க," என்றார் மேடம்.

படித்தேன். "சார், பிரேக் பிடிக்கல. மேல் மாடியில நிறுத்தினா தானா இறங்குது. லிஃப்டை நிறுத்த உங்க உத்தரவு வேணும். நானா நிறுத்தினா போன தடவை மாதிரி மெமோ குடுப்பீங்க. யாராவது விழுறதுக்குள்ள சொல்லுங்க சார்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "தினம் பத்து மெயில் போடுவா மேடம். அதான் ஒதுக்கி வெச்சேன். இதைக் கவனிக்கல. சாரிம்மா."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"கவனிக்கலன்னு சொல்லாதீங்க சார். கவனிக்கக் கூடாதுன்னு ஏற்பாடு பண்ணியிருக்கீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "இதை ரெண்டு பிரின்ட் போட்டுக் குடுங்க. ஒண்ணு மேடத்துக்கு."

"இன்னொண்ணு?"

"ஆஸ்பத்திரிக்கு. என் தம்பி பொண்டாட்டி கையில குடுக்கணும்," என்றாள். "அவளாவது படிப்பா."